லிரிக் வீடியோல வரி முன்னபின்ன ஓடுதா? எங்க தப்புன்னு கண்டுபிடிச்சு சரி பண்ற வழி

தர்மபுரில சின்னதா ஒரு டிசைன் கடை வச்சிருக்கேன், பிளக்ஸ், பத்திரிக்கை, ஆல்பம்னு தான் பொழப்பு, ஆனா மாரியம்மன் பண்டிகை சீசன் வந்துட்டா போதும், பாலக்கோடு பென்னாகரம் அரூர்னு எல்லா பக்கமும் இருந்து ஊர்க்காரங்க சொந்தமா எழுதி பாடுன அம்மன் பாட்டோட வந்து நிப்பாங்க, "அண்ணா இதுக்கு கோயில் போட்டோ போட்டு கீழ வரி ஓடுற மாதிரி பண்ணி குடுங்க"ன்னு. வீடியோ ஷூட்டிங் எல்லாம் கிடையாது, போன்ல எடுத்த போட்டோ ஒரு பதினஞ்சு இருபது, ஒரு பாட்டு, ஒரு நோட்டு பேப்பர்ல எழுதுன வரி, அவ்ளோதான்.

போட்டோ அடுக்குறது ஒரு வேலையே இல்ல. வரிய பாட்டோட சேர்க்குறதுல தான் உயிர் போகும், திரும்ப திரும்ப அதே நாலஞ்சு கோளாறு தான் வரும். எது வந்தா எங்க பாக்கணும்னு இங்க எழுதி வைக்கிறேன். நான் வரிக்கு டைம் போடுறது Aegisub-ல, சில நேரம் Audacity-ல, கடைசில சேர்க்குறது ffmpeg-ல. நீங்க போன் ஆப்ல பண்ணாலும் காரணம் எல்லாம் இதே தான், பட்டன் மட்டும் வேற இடத்துல இருக்கும்.

## எதையும் தொடறதுக்கு முன்னாடி மூணு இடத்துல பாருங்க

வரி சரியா ஓடலன்னு தெரிஞ்ச உடனே ஒவ்வொரு வரியா இழுத்து நகர்த்த ஆரம்பிச்சிடாதீங்க, நானும் முதல் ரெண்டு வருஷம் அப்படித்தான் ராத்திரி எல்லாம் உக்காந்து இழுத்துட்டு இருந்தேன், முக்காவாசி வேஸ்ட். முதல் வரி, பாட்டோட நடுவுல ஒரு வரி, கடைசி வரி, இந்த மூணை மட்டும் பாருங்க. எவ்ளோ லேட்டா வருது, இல்ல எவ்ளோ முன்னாடி வருதுன்னு ஒரு பேப்பர்ல குறிச்சுக்கோங்க.

அளக்குறதுக்கு சுலபமான வழி, எழுத்து இல்லாத வீடியோவையும் வரி ஃபைலையும் ஒரே பேர்ல ஒரே ஃபோல்டர்ல வச்சு VLC-ல தொறங்க, வரி தானா வந்துடும். இப்ப `g` அமுக்குனா வரி 50 மில்லிசெகண்ட் முன்னாடி வரும், `h` அமுக்குனா 50 மில்லிசெகண்ட் பின்னாடி போகும். குரலும் வரியும் ஒண்ணா சேர்ற வரைக்கும் அமுக்குங்க, திரையில எவ்ளோ நம்பர் காட்டுதோ அதான் உங்க தப்போட அளவு. இதுக்காகவே நான் வரிய வீடியோ மேல கடைசில தான் பதிய வைப்பேன், பதிஞ்சுட்டா அப்புறம் ஒண்ணும் அளக்க முடியாது, முழுசா திரும்ப ரெண்டர் போடணும்.

மூணு நம்பரும் ஒண்ணா இருந்தா அடுத்த தலைப்புக்கு போங்க. முதல் வரி சரி, நடுவுல கொஞ்சம், கடைசில நிறையன்னு ஏறிட்டே போனா அதுக்கு அடுத்தது. முதல் வரி சரி, நடுவுலயும் கடைசிலயும் ஒரே அளவு தப்புன்னா மூணாவது. VLC-ல மூணும் சரியா இருந்தும், பதிஞ்ச வீடியோல மட்டும் ஒரு கணக்கே இல்லாம வரிக்கு வரி மாறுதுன்னா நாலாவது.

இன்னொண்ணு, எடிட்டிங் ஆப்ல பிரிவியூ ஓடும்போது மட்டும் லேட்டா தெரியுதுன்னா அது உங்க மிஷின் திணறுறது, வரி தப்பு கிடையாது. முப்பது செகண்ட் மட்டும் ரெண்டர் போட்டு பாத்துட்டு அப்புறம் பேசுங்க.

## எல்லா வரியும் ஒரே அளவுக்கு லேட்டா வருது

இது தான் இருக்குறதுலயே நல்ல கோளாறு, ஒரே அமுக்குல சரியாகும்.

முதல் சந்தேகம் உங்க காதுல இருக்குற ப்ளூடூத் மேல. பாட்டை ஓட விட்டு, குரல் கேட்ட உடனே பட்டன தட்டி வரிக்கு டைம் போடுறீங்கன்னு வைங்க (Audacity-ல பாட்டு ஓடும்போதே Ctrl+M), ப்ளூடூத் இயர்போன்ல சத்தம் உங்க காதுக்கு வர்றதுக்குள்ள ஆப் உள்ள பாட்டு கால் செகண்ட் வரைக்கும் முன்னாடி போயிருக்கும். அதுக்கு மேல உங்க கை, கேட்டு தட்டுறதுக்குள்ள ஒரு 0.2 செகண்ட் போயிடும். ரெண்டும் சேர்ந்தா எல்லா வரியும் அரை செகண்ட் கிட்ட லேட். ஒயர் வச்ச இயர்போன் மாட்டி ஒரு நாலு வரி மட்டும் திரும்ப தட்டி பாருங்க, பாதி வித்தியாசம் காணாம போச்சுன்னா காரணம் அதான்.

அடுத்தது பாட்டு ஃபைலோட ஆரம்பத்துல இருக்குற மௌனம். ஸ்டுடியோல குடுத்த ஃபைல்ல முதல்ல ஒரு செகண்ட் சும்மா இருக்கும், நீங்க வரிக்கு டைம் போட்டது அந்த ஃபைல்ல, வீடியோல சேர்த்தது வாட்ஸ்அப்ல யாரோ ஆரம்பத்தை வெட்டி அனுப்புன ஃபைல்னா, எல்லா வரியும் கரெக்டா அந்த ஒரு செகண்ட் லேட்டா வரும். ஒரே ஃபைல தான் ரெண்டு இடத்துலயும் போட்டீங்களான்னு பாருங்க.

சரி பண்றது, Aegisub-ல Ctrl+I அமுக்குனா `Shift Times` தொறக்கும், VLC-ல பாத்த நம்பர போட்டு, `Backward` தேர்ந்தெடுத்து, `All rows` குடுத்தா முடிஞ்சது. ஆனா நான் VLC நம்பரோட இன்னும் 0.2 செகண்ட் சேர்த்து முன்னாடி தள்ளுவேன். குரல் வர்ற அதே நொடில வரி வந்தா பாக்குறவங்களுக்கு லேட்டா வந்த மாதிரியே இருக்கும், ஏன்னா கண்ணு படிக்கணும்ல, கொஞ்சம் முந்தி வந்தா தான் கூட சேர்ந்து பாட வரும். 0.5 செகண்டுக்கு மேல முந்துனா அதுவும் அசிங்கமா இருக்கும், முந்தின வரிய பாடி முடிக்கலயேன்னு இருக்கும்.

இதுக்கு எல்லாம் வெளி ஆளே தேவையில்ல.

## ஆரம்பத்துல சரி, போகப் போக விலகிட்டே போகுது

இதுல முதல்ல விலகுறது எவ்ளோன்னு பாருங்க, அந்த நம்பரே காரணத்தை சொல்லிடும்.

நாலு நிமிஷ பாட்டுல கடைசி வரி சுமாரா கால் செகண்ட் (0.24) லேட்டுன்னா, பிராஜெக்ட் செட்டிங்ல பிரேம் ரேட் 29.97-னு இருக்கும், நீங்க 30-னு நினைச்சு டைம் போட்டிருப்பீங்க. எடிட்டிங் சாஃப்ட்வேர் சிலதுல டைம்லைன் காட்டுற மணி நிஜ மணிய விட ஆயிரத்துல ஒரு பங்கு மெதுவா ஓடும், நாலு நிமிஷம்னு அது காட்டும்போது நிஜத்துல 4 நிமிஷம் 0.24 செகண்ட் ஆகியிருக்கும். சும்மா போட்டோ மட்டும் வச்சு பண்ற வீடியோவுக்கு 29.97 எதுக்கு, புது பிராஜெக்ட் போடும்போதே 30 இல்ல 25-னு முழு நம்பரா வைங்க.

கடைசி வரி பத்து செகண்ட் கிட்ட தப்புன்னா 24-க்கும் 25-க்கும் கலந்துடுச்சுன்னு அர்த்தம், 4 சதவீதம் வித்தியாசம்.

பாட்டே வேகமா, பாடுறவங்க குரல் கீச்சுன்னு மெலிசா கேக்குது, நாலு நிமிஷ பாட்டு 3 நிமிஷம் 40 செகண்ட்ல முடியுதுன்னா, 44100-ல பதிவான பாட்டை ஏதோ ஒரு ஆப் 48000-னு நினைச்சு ஓட்டிடுச்சு. ரொம்ப அபூர்வம், எனக்கு ஒரே ஒரு தடவை தான் வந்துச்சு, ஆனா வந்தப்ப கேட்ட உடனே தெரிஞ்சுது, பாடுன அக்காவே "இது என் குரலே இல்லயேப்பா"ன்னுட்டாங்க.

இன்னொரு ரகம் இருக்கு, அது ஆள குழப்பும். பாட்டை மொதல்ல இருந்து ஓட விட்டா வரி சரியா வருது, நடுவுல தொட்டு அங்க இருந்து ஓட விட்டா தப்பா வருது. இது எம்பி3 ஃபைலோட வேல. அளவு குறையணும்னு பிட்ரேட் ஏறி இறங்குற மாதிரி பண்ணின எம்பி3-ல, நடுவுல தொட்ட உடனே அது எத்தனாவது செகண்டுன்னு சில ஆப் குத்துமதிப்பா தான் கணக்கு போடும். அந்த தப்பு கணக்க வச்சு நீங்க டைம் போட்டா வரிக்கு வரி விலகும். மருந்து ஒண்ணே ஒண்ணு, வேலைய ஆரம்பிக்கும்போதே எம்பி3-ய வேவ் ஃபைலா மாத்திடுங்க:

```
ffmpeg -i paattu.mp3 -ar 48000 paattu.wav
```

டைம் போடுறதும் இந்த வேவ் ஃபைல்ல தான், வீடியோல சேர்க்குறதும் இதே வேவ் ஃபைல் தான். நடுவுல வேற ஃபைல் வரவே கூடாது.

இதெல்லாம் பண்ணியும் விலகுதுன்னா பாட்டு ரெண்டு தடவை வேற வேற வேகத்துல மிக்ஸ் ஆகியிருக்கலாம், மிக்ஸ் பண்ணின ஸ்டுடியோவ தான் கேக்கணும், உங்க கைல இல்ல.

## பாதி வரைக்கும் சரி, ஒரு இடத்துக்கு அப்புறம் மொத்தமா தப்பு

இது தான் எனக்கு அதிகமா வர்ற கேஸ், அதனால ஒண்ணை முழுசா சொல்றேன்.

பாலக்கோடு பக்கம் ஒரு ஊரு, பண்டிகைக்கு எட்டு நாள் இருக்கும்போது பாட்டு கொண்டு வந்தாங்க. ஊர் கூத்து வாத்தியார் எழுதுன பாட்டு, "கொட்டுங்கடா பம்பைய, மாரி தேரு வருது"ன்னு ஆரம்பிக்கும், பம்பை உடுக்கையோட நல்லா இருந்துச்சு. மொத்தம் 4 நிமிஷம் 12 செகண்ட், 32 வரி. ரெண்டு மணி நேரத்துல டைம் போட்டு, வரிய பதிஞ்சு அனுப்பிட்டேன். மூணு நாள் கழிச்சு வாத்தியார் மாமா போன் பண்றாரு, "தம்பி, பம்பை சத்தம் கம்மியா இருக்குன்னு ஸ்டுடியோல மாத்தி வாங்கிட்டோம், பாட்டு அதே தான், சத்தம் மட்டும் மாத்திடு"ன்னு. நானும் நம்பி பாட்டு ஃபைல மட்டும் மாத்தி ரெண்டர் போட்டேன். ஒண்ணாவது சரணம் வரைக்கும் அச்சு மாதிரி ஓடுது, ரெண்டாவது சரணத்துல இருந்து அவங்க ஒரு வரிய முழுசா பாடி முடிச்சதுக்கு அப்புறம் தான் அந்த வரி எட்டி பாக்குது.

இந்த மாதிரி வந்தா முதல் சோதனை ரெண்டு ஃபைலோட நீளம்:

```
ffprobe -v error -show_entries format=duration -of csv=p=0 paattu.wav
```

பழசு 252 செகண்ட், புதுசு 242. பத்து செகண்ட் காணோம். "பாட்டு அதே தான்"னு யாரு சொன்னாலும், கோயில் தர்மகர்த்தாவே வந்து சொன்னாலும், இந்த நம்பரை பாக்காம இனிமே நான் நம்புறதில்ல.

எங்க போச்சு அந்த பத்து செகண்ட்னு பாக்கணும்ல. ரெண்டு ஃபைலையும் Audacity-ல மேல ஒண்ணு கீழ ஒண்ணா போட்டேன். பம்பை அடி ஒவ்வொண்ணும் கூரா தெரியும், ரெண்டு டிராக்குலயும் அடி அடியா நேர் நேரா வந்துட்டே இருந்துச்சு, முதல் சரணம் முடிஞ்சு வர்ற பம்பை மேளம் மட்டும் இடத்துல கீழ இருக்குறது சீக்கிரம் முடிஞ்சு குரல் ஆரம்பிச்சிடுது. நிமிஷத்துக்கு 96 அடி வேகம் அந்த பாட்டு, அப்ப ஒரு அடி 0.625 செகண்ட், 16 அடிய வெட்டியிருக்காங்க, சரியா 10 செகண்ட். ஸ்டுடியோல மேளம் நீளமா இருக்குன்னு அவங்களா சுருக்கிட்டாங்க போல.

காரணம் தெரிஞ்சதும் வேலை ரெண்டு நிமிஷம். Aegisub-ல ரெண்டாவது சரணத்தோட முதல் வரிய தொட்டு, Ctrl+I, 10 செகண்ட், `Backward`, கீழ `Selection onward`-னு குடுத்தா அந்த வரில இருந்து கடைசி வரைக்கும் எல்லாம் மொத்தமா நகரும், முன்னாடி இருக்குறது அசையாது. கூடவே போட்டோ மாறுற இடத்தையும் பத்து செகண்ட் குறைக்கணும், அதை மறந்துட்டு தேர் வர்ற வரிக்கு கூழ் ஊத்துற போட்டோ வந்து நின்னுச்சு, அப்புறம் அதையும் சரி பண்ணேன்.

அடியோட கணக்கு போட்டு பாக்குறது எதுக்குன்னா, கண்ணால அளந்தா 9.8-னு தோணும் 10.1-னு தோணும், வெட்டுனவங்க தாளத்துல தான் வெட்டியிருப்பாங்க, அதனால முழு அடி கணக்குக்கு எது கிட்ட வருதோ அதை போட்டா கரெக்டா உக்காரும்.

நீளம் ரெண்டும் ஒண்ணாவே இருக்கு, ஆனாலும் பாதில இருந்து தப்புன்னா, உங்க வரி பேப்பர்ல தான் கோளாறு. பல்லவிய ரெண்டு தடவை பாடுவாங்க, பேப்பர்ல ஒரு தடவை தான் எழுதி இருப்பாங்க, நீங்க தட்டிட்டே போகும்போது ரெண்டாவது பல்லவிக்கு அடுத்த சரணத்தோட வரி போய் உக்காந்துடும், அங்க இருந்து எல்லாம் ஒரு வரி தள்ளி நிக்கும். பாட்டை கேட்டுக்கிட்டே பேப்பர்ல எத்தனை தடவை திரும்ப பாடுறாங்கன்னு எழுதிட்டு அப்புறம் தட்டுங்க.

மூணு இடத்துக்கு மேல வெட்டி இருக்காங்கன்னா நான் நகர்த்திட்டு உக்காற மாட்டேன், புதுசா தட்டிடுவேன், 32 வரிக்கு அரை மணி நேரம் தான்.

## வரி இஷ்டத்துக்கு வருது, இல்ல போட்டோ மாறும்போது தான் மாறுது

VLC-ல தனி ஃபைலா வச்சு பாத்தா அருமையா ஓடுது, பதிஞ்ச வீடியோல மட்டும் சில வரி லேட்டு, சில வரி வரவே இல்ல, உத்து பாத்தா போட்டோ மாறுற நொடில தான் வரியும் மாறுது. ffmpeg-ல போட்டோ அடுக்கி பண்றவங்களுக்கு மட்டும் வர்ற வியாதி இது, நான் இதுல ஒரு முழு நாள தொலைச்சிருக்கேன்.

விஷயம் என்னன்னா, ஒரு போட்டோ 12 செகண்ட் நிக்குதுன்னு நீங்க சொன்னா ffmpeg உள்ள அது ஒரே ஒரு பிரேம் தான். வரிய பதியுற வேலை பிரேம் மேல தான் நடக்கும், அந்த ஒரு பிரேம் வரும்போது என்ன வரி இருந்துச்சோ அதை பதிஞ்சிட்டு அடுத்த பிரேமுக்கு, அதாவது அடுத்த போட்டோவுக்கு காத்துட்டு இருக்கும். நடுவுல மூணு வரி வந்து போனாலும் அதுக்கு தெரியாது. அதனால மொதல்ல போட்டோவ செகண்டுக்கு 30 பிரேமா விரிச்சிட்டு அதுக்கு அப்புறம் வரிய பதிய சொல்லணும். கட்டளைல `fps=30` முன்னாடி, `subtitles` பின்னாடி:

```
ffmpeg -f concat -safe 0 -i padam.txt -i paattu.wav \
 -vf "fps=30,subtitles=varigal.ass,format=yuv420p" \
 -c:v libx264 -c:a aac -b:a 192k -shortest mudivu.mp4
```

விண்டோஸ்ல அடிக்கிறவங்க அந்த சாய்ஞ்ச கோட்ட எடுத்துட்டு ஒரே வரியா அடிங்க. ரெண்டையும் மாத்தி போட்டாலும் ஒரு எர்ரரும் காட்டாது, வீடியோ பாட்டுக்கு வந்துடும், தப்பா வரும், அவ்ளோதான்.

போட்டோ லிஸ்ட் ஃபைல் இப்படி இருக்கும்:

```
file 'p01.jpg'
duration 12.5
file 'p02.jpg'
duration 9
file 'p02.jpg'
```

கடைசி போட்டோ பேர ரெண்டாவது தடவை எழுதி இருக்குறது தப்பு இல்ல, வேணும்னே தான். அப்படி எழுதலன்னா கடைசி போட்டோவுக்கு குடுத்த நேரத்தை பல நேரம் கண்டுக்காம விட்டுடும், மங்களம் பாடுற வரிக்குள்ள வீடியோ முடிஞ்சிடும். `-shortest` போட்டிருக்குறதால போட்டோ நேரம் எல்லாம் கூட்டி பாட்டை விட ஒரு செகண்டாவது கூடவே இருக்கணும், கம்மியா இருந்தா பாட்டோட வால் வெட்டு போகும்.

எல்லா போட்டோவையும் முன்னாடியே 1920-க்கு 1080 அளவுக்கு, எல்லாமே ஜேபெக்கா மாத்திட்டு தான் இதுல போடணும், போன்ல செங்குத்தா எடுத்தது, வாட்ஸ்அப்ல வந்த குட்டி போட்டோ, ஸ்க்ரீன்ஷாட்னு கலந்து போட்டா நடுவுல எதாவது ஒரு இடத்துல சொதப்பும், அதுக்கு தனியா ஒரு பதிவே எழுதணும். `height not divisible by 2`-னு நின்னா உங்க போட்டோவோட உயரம் ஒற்றைப்படை நம்பரா இருக்குன்னு அர்த்தம், அளவு மாத்துனா போயிடும்.

## டைமிங் சரி, ஆனா படிக்க முடியல

நம்பர் எல்லாம் கச்சிதம், ஆனாலும் வீட்டுல போட்டு காட்டுனா "வேகமா போகுதுப்பா"ன்னு சொல்றாங்க.

பெரும்பாலும் வரிய நீளமா வச்சிருப்பீங்க. நம்ம அம்மன் பாட்டு எல்லாம் அடுக்கு அடுக்கா வேகமா போகும், பேப்பர்ல ஒரு வரியா இருக்கேன்னு திரையிலயும் ஒரே வரியா போட்டா எழுத்து சின்னதாகும். மூச்சு விடுற இடத்துல வெட்டி ரெண்டு வரியா போடுங்க, "கொட்டுங்கடா பம்பைய" மேல, "மாரி தேரு வருது" கீழ. சொல்லுக்கு நடுவுல வெட்டாதீங்க. ஆப் தானா மடிச்சா "பம்"னு மேலயும் "பைய"ன்னு கீழயும் போடுற ஆப்பும் இருக்கு, அதனால நானே கையால மடிப்பேன்.

அப்புறம் பாடி முடிச்ச உடனே வரிய தூக்கிடுறது. அடுத்த வரிக்கு ஒரு செகண்டுக்குள்ள தான் இடைவெளின்னா அடுத்தது வர்ற வரைக்கும் இது நிக்கட்டும், எடுத்து எடுத்து போட்டா கண்ணு சிமிட்டுற மாதிரி இருக்கும். மேளம் மட்டும் அடிக்கிற இடத்துல கண்டிப்பா எடுத்துடுங்க, பத்து செகண்ட் ஒரே வரி சும்மா நின்னா பாக்குறவங்க வீடியோ நின்னு போச்சுன்னு நினைச்சுக்குவாங்க.

கூட்டமா பாடுறவங்களும் தனியா பாடுறவங்களும் ஒருத்தர் மேல ஒருத்தர் ஏறி பாடுறாங்கன்னா, எனக்கு தெரிஞ்ச வரைக்கும் தனியா பாடுறவங்க வரிய மட்டும் போட்டா போதும். ரெண்டும் போட்டே ஆகணும்னு அடம் பிடிச்சாங்கன்னா, மிக்ஸ் பண்ணின ஸ்டுடியோல குரல் மட்டும் தனியா குடுங்கன்னு கேட்டு வாங்கிடுங்க, கலந்த பாட்டுல இருந்து கேட்டு கேட்டு எழுதுறது தலைவலி.

## எழுத்து ஒடஞ்சு வருது

இது டைமிங் இல்ல, ஆனா கூடவே வரும், அதனால சுருக்கமா.

தமிழுக்கு பதிலா ஆங்கில எழுத்தும் குறியுமா கன்னாபின்னான்னு வருதுன்னா, வரிய டைப் பண்ணி குடுத்தவங்க பாமினி மாதிரி பழைய எழுத்துரு வச்சு அடிச்சிருக்காங்க. டிடிபி கடைல இருந்து வர்றதுல பாதி இப்படித்தான். யூனிகோடா மாத்திட்டு போடணும், மாத்துனதுக்கு அப்புறம் ஒரு தடவை முழுசா படிச்சு பாருங்க, ஒண்ணு ரெண்டு எழுத்து மாறி இருக்கும்.

கட்டம் கட்டமா வருதுன்னா அந்த எழுத்துருல தமிழே இல்ல. Noto Sans Tamil, இல்ல விண்டோஸ்ல இருக்குற Nirmala UI போடுங்க.

"கொட்டுங்கடா"ல கொம்பும் காலும் தனித்தனியா பிச்சுக்கிட்டு, நடுவுல புள்ளி வட்டத்தோட நிக்குதுன்னா, எழுத்துருல குறை இல்ல, அந்த ஆப்புக்கு தமிழ் எழுத்தை சேர்த்து வரைய தெரியல. இது அதிகமா வர்றது ஒவ்வொரு எழுத்தா தட்டி வர்ற மாதிரி எஃபெக்ட் போடும்போது. நமக்கு "கொ" ஒரு எழுத்து, கம்ப்யூட்டருக்கு அது க தனி, ொ தனி, ரெண்டையும் தனித்தனியா ஆட விட்டா கிழிஞ்சு போகும். எஃபெக்ட சொல் சொல்லா இல்ல வரி வரியா வச்சுட்டா சரியாகும். எஃபெக்ட் இல்லாமலே ஒடையுதுன்னா அந்த ஆப்போட மல்லு கட்ட வேணாம், LibreOffice Impress-ல வரிய அடிச்சு பின்னணி இல்லாத படமா எடுத்து மேல ஒட்டிடுங்க. மேல சொன்ன `subtitles` வழில இந்த பிரச்சனை எனக்கு வந்ததில்ல.

## கடைல சரியா இருந்தது, கோயில்ல போட்டா லேட்டு

பண்டிகை அன்னிக்கு ராத்திரி எட்டு மணிக்கு போன் வரும், "தம்பி நீ குடுத்தது தப்பா ஓடுது"ன்னு. பதறாதீங்க, பதறி ஃபைல மாத்தி அனுப்பாதீங்க.

முதல்ல அவங்கள அதே ஃபைல போன்ல, ப்ளூடூத் இல்லாம, போன் ஸ்பீக்கர்லயே ஓட்டி பாக்க சொல்லுங்க. போன்லயும் தப்பா இருந்தா ஃபைல் மாறி போச்சு, நீங்க முதல்ல அனுப்புன பழைய வீடியோவ எடுத்து போட்டிருப்பாங்க, என் அனுபவத்துல பாதி தடவை இதான். அதனால இப்பல்லாம் ஃபைல் பேர்லயே தேதி போட்டு, வாட்ஸ்அப்ல டாக்குமெண்டா அனுப்புறேன், பழசை அழிச்சிடுங்கன்னு சொல்லியும் விடுறேன்.

போன்ல சரியா இருந்தா ஃபைல்ல குறை இல்ல. அடுத்து சத்தம் எந்த வழியா போகுதுன்னு கேளுங்க. பெரிய ப்ளூடூத் ஸ்பீக்கர்ல போட்டிருந்தா சத்தம் தான் பின்னாடி வரும், வரி முந்தி வர்ற மாதிரி தெரியும், ஒயர் மாட்டுனா சரியாகும். எல்இடி திரை கட்டி இருந்தா அதுக்கு நேர் எதிர், திரைய ஓட்டுற பெட்டி படத்தை வாங்கி போடுறதுக்குள்ள கொஞ்சம் நேரம் எடுத்துக்கும், சத்தம் நேரா மிக்ஸருக்கு போய் உடனே வந்துடும், அதனால வரி லேட்டா தெரியும். நீங்க வீடியோல வரிய முன்னாடி தள்ளி குடுத்தா அந்த ஒரு மேடைக்கு மட்டும் சரியாகும், மறுநாள் எல்லாரும் போன்ல பாக்கும்போது எல்லா வரியும் முந்திக்கும்.

இங்க தான் ஆள கூப்பிடணும், அதாவது சவுண்ட் சர்வீஸ்காரர. டிஜிட்டல் மிக்ஸர்னா சத்தத்தை மில்லிசெகண்ட் கணக்குல தாமதப்படுத்துற வசதி இருக்கும், "அண்ணா, படம் லேட்டா வருது, வீடியோ வர்ற லைனுக்கு டிலே போடுங்க, நூறுல ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க"ன்னு சொன்னா அவருக்கு புரியும். வீடியோ லைனுக்கு மட்டும் போட சொல்லுங்க, மைக்குக்கும் சேர்த்து போட்டாருன்னா பூசாரி பேசுறது அவருக்கே எதிரொலி மாதிரி கேட்டு திட்ட ஆரம்பிச்சிடுவாரு. பழைய மிக்ஸர்ல அந்த வசதி இல்லன்னா, பாட்டு மட்டும் ஓடட்டும்னு விட்டுட்டு வரி இல்லாத வீடியோவ திரையில போட சொல்லிடுவேன், அதனாலயே ஒவ்வொரு ஊருக்கும் வரி இல்லாத ஃபைல் ஒண்ணையும் சேர்த்தே குடுத்து அனுப்புறேன்.